ஹீமோபிலியா உள்ளவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் எடுப்பதும், பிளாக் ஊசியைத் தவிர்ப்பதும்

கேள்வி: சிறிய ஊர் ஒன்றில் தனியாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். 22 வயது இளைஞர், எடை 60 கிலோ, கடுமையான ஹீமோபிலியா ஏ. கீழ் வலது முதல் கடைவாய்ப் பல் சொத்தையாகி உடைந்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும். ஃபேக்டர் போட்டுவிட்டால் வழக்கம்போல பிளாக் கொடுத்து எடுத்துவிடலாமா? அல்லது பிளாக்கே கூடாதா? என் கிளினிக்கில் வைத்துச் செய்யலாமா?

பதில்:

இந்த இளைஞர் என்னிடம் வந்திருந்தால், பல்லைப் பிடுங்குவதைவிட அதற்கு முன் போடும் ஊசியைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருப்பேன். பல்குழியில் ரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியும். விரல் எட்டும், பஞ்சு எட்டும், தையல் எட்டும். கீழ்த்தாடை நரம்புக்குக் கொடுக்கும் பிளாக் ஊசி கசியவிடும் ரத்தத்துக்கு இவை எதுவும் எட்டாது.

அந்த ஊசி போகும் பாதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வாயின் பின்பக்கச் சளிச்சவ்வைத் துளைத்து, தாடை எலும்பின் உட்புறத்துக்கும் மெல்லும் தசை ஒன்றுக்கும் இடையிலுள்ள சந்துக்குள் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் போகிறது. நாம் மரக்க வைக்க விரும்பும் நரம்பு அங்கே தனியாக இல்லை. அதை ஒட்டியே ஒரு தமனியும் சிரைகளும் ஓடுகின்றன. சற்று மேலே வலைபோல் பின்னிய சிரைக்கூட்டம் இருக்கிறது. அந்த இடம் முழுவதும் தளர்ந்த கொழுப்பும் இணைப்புத் திசுவும்தான். ரத்தம் கசிந்தால் அதை அழுத்தி நிறுத்த எலும்புச் சுவர் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. மறுபக்கத்தில் வழி தொண்டையின் பக்கவாட்டுக்குத் திறந்திருக்கிறது. அங்கே ரத்தம் சேர்ந்தால் மூச்சுக்குழலை வெளியிலிருந்து நெருக்கும்.

சாதாரண ஆட்களுக்கும் இந்த ஊசியால் சிறு சிரை கிழிவதுண்டு. இரண்டு நாள் வாய் திறக்கச் சிரமப்படுவார்கள், பிறகு சரியாகிவிடும். ஹீமோபிலியாவில் நடப்பது வேறு. இவர்களுக்குத் தட்டணுக்கள் சரியாகவே இருக்கின்றன. ஆகவே கிழிந்த இடத்தில் முதல் அடைப்பு விழுந்துவிடும், ரத்தம் நின்றதுபோலவே தோன்றும். அந்த அடைப்பின் மேல் ஃபைப்ரின் வலை கட்டி அதை இறுக்குவதற்குத்தான் ஃபேக்டர் என்று நாம் சொல்லும் 8-ஆவது உறைவுக் காரணி வேண்டும், அதுதான் இவரிடம் இல்லை. பலமில்லாத அந்த அடைப்பு சில மணி நேரத்தில் நெகிழும், கசிவு மறுபடி தொடங்கும். நாற்காலியில் இருக்கும்வரை நன்றாக இருந்தவர் ராத்திரி பத்து மணிக்கு எச்சில் விழுங்க முடியவில்லை என்று போன் செய்வது இதனால்தான்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் பயமில்லை. பல் அடைப்பதற்காகக் கொடுத்த மரத்துப்போகும் ஊசிக்குப் பிறகு ஒரு ஹீமோபிலியா நோயாளி ரத்தப்போக்கால் இறந்ததை அமெரிக்கப் பல் மருத்துவ இதழ் ஒன்று 1954-லேயே பதிவு செய்தது. அங்கே பல் எடுக்கப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றும் கண்ணி இருக்கும் இடம் அதுதான். பல் எடுப்பது என்றால் எல்லோரும் உஷாராகி ஃபேக்டருக்கு எழுதுகிறார்கள். வேர் சிகிச்சை என்றாலோ அடைப்பு என்றாலோ, ‘இதில் ரத்தமே வராதே’ என்று ஃபேக்டர் இல்லாமல் பிளாக் கொடுத்துவிடுகிறார்கள். செய்யும் வேலையை வைத்து ஃபேக்டரை முடிவு செய்யாதீர்கள், போடும் ஊசியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊசியைச் செலுத்தியபின் பின்னிழுத்துப் பார்க்கிறோமே, ரத்தம் வரவில்லை என்றால் பத்திரம்தானே என்று சிலர் கேட்பார்கள். அந்த நொடியில் ஊசி முனை ரத்தக்குழாய்க்குள் இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. வரும் வழியில் ஒரு சிரையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தால் அதைச் சொல்லாது. மருந்து ரத்தத்துக்குள் நேராகப் போய்விடாமல் இருக்கத்தான் அந்தச் சோதனை. அதைச் செய்யுங்கள், ஆனால் ரத்தக்கட்டு வராது என்பதற்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஃபேக்டர் போட்டபின் பிளாக் கொடுப்பது தடை செய்யப்பட்டதில்லை. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் சொல்வதும் இதுதான்: கீழ்த்தாடை பிளாக், நாக்குப் பக்க ஊசி, வாயின் அடித்தளத்தில் போடும் ஊசி ஆகியவற்றுக்கு முன் ரத்த உறைவுக்கான மருந்துப் பாதுகாப்பு வேண்டும். பல மையங்களில் அப்படிப் பாதுகாப்போடு கொடுக்கவும் செய்கிறார்கள். என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஃபேக்டர் போட்டாச்சு’ என்ற சொல்லுக்கும், ரத்தத்தில் ஃபேக்டர் போதிய அளவு இருக்கிறது என்பதற்கும் நடுவே பல ஓட்டைகள் உண்டு.

கணக்கு எளிது. 8-ஆவது காரணியை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். கடுமையான ஹீமோபிலியா என்றால் இவருடைய சொந்த அளவு 1 சதவீதத்துக்கும் குறைவு, அதைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். 50 சதவீதம் வேண்டும் என்றால் 60 கிலோவை 50-ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க 1500 யூனிட் வருகிறது. 500 யூனிட் குப்பி என்றால் மூன்று. ஒரு குப்பியைத் திறந்தபின் பாதியை மிச்சம் வைக்க முடியாது, அதனால் மேல்நோக்கி முழுக் குப்பியாக்குவதே வழக்கம்.

இந்தக் கணக்கு பொய்த்துப்போவது இன்ஹிபிட்டர் உள்ளவரிடம். வெளியிலிருந்து தரும் ஃபேக்டரை அந்நியப் பொருளாகக் கண்டு உடல் உண்டாக்கும் எதிர்ப்பான்தான் இன்ஹிபிட்டர். கடுமையான ஹீமோபிலியா ஏ நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. இன்ஹிபிட்டர் இருந்தால் நீங்கள் போடும் 1500 யூனிட்டும் தண்ணீர் போட்டதற்குச் சமம். ஆகவே அவருடைய சிகிச்சை அட்டையில் கடைசி இன்ஹிபிட்டர் பரிசோதனை எப்போது நடந்தது, அதற்குப் பிறகு எத்தனை முறை ஃபேக்டர் எடுத்தார் என்று பாருங்கள். ‘முன்பெல்லாம் ஒரு டோஸில் முட்டி வீக்கம் வாடிவிடும், இப்போது மூன்று டோஸ் தேவைப்படுகிறது’ என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னாலும் அதுவே எச்சரிக்கை. பரிசோதனையை மறுபடி செய்யாமல் தொடாதீர்கள்.

அடுத்த ஓட்டை நேரம். 8-ஆவது காரணி 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலை ஏழு மணிக்கு அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, உங்கள் வரவேற்பறையில் காத்திருந்து, மதியம் இரண்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் உச்ச அளவு எப்போதோ கடந்து போயிருக்கும். ஃபேக்டர் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலை தொடங்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஃபேக்டர் வந்துகொண்டிருக்கிறது, அதற்குள் மரக்க வைத்துவிடலாம் என்று ஊசியை முதலில் போடுவார்கள். ஃபேக்டர் சிரையில் ஏறி முடிந்த பிறகே வாய்க்குள் ஊசி போக வேண்டும்.

ஆகவே என் பழக்கம் இது: பல் எடுப்பதற்காக ஃபேக்டர் எப்படியும் போடுகிறோம், ஆனாலும் பிளாக் இல்லாமலேயே மரக்க வைக்க முயல்வேன். கணக்கு எங்கேயாவது தப்பியிருந்தால் கசிவது என் கைக்கு எட்டும் பல்குழியாக இருக்கட்டும்.

இப்போது உங்கள் நோயாளிக்கே திட்டம் போடுவோம்.

தேதி குறிக்கும் முன் அவருடைய ரத்தவியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதுங்கள். ‘பல் எடுக்கத் தகுதியுள்ளவரா என்று தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி எழுதினால், ‘தகுதியுள்ளவர்’ என்று ஒரு வரி திரும்பி வரும், அதனால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பல், எத்தனை வேர், எலும்பு வெட்ட வேண்டியிருக்குமா, எந்த வகை ஊசி போடப் போகிறீர்கள், பிளாக் தேவைப்பட்டால் என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். பதிலில் எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு, கைவசம் வைத்துக்கொள்ள இரண்டாவது டோஸ் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகத் தரப்படுகிறது. ஆனால் இருப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் அந்த வாரம் குப்பிகள் உண்டா என்று உறுதி செய்துகொண்டு நாள் குறியுங்கள்.

நாள், வாரத்தின் முதல் பாதியாக இருக்கட்டும், நேரம் காலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல் எடுத்தால் மறுகசிவு ஞாயிற்றுக்கிழமை வரும், அப்போது அந்த ஊரில் நீங்கள் உட்பட யாரும் இருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் பற்காரையைச் சுத்தம் செய்துவிடுங்கள். வீங்கிய ஈறு தொட்டாலே கசியும், அது அடங்கியிருந்தால் உங்கள் வேலை பாதியாகும்.

அன்றைய தினம் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையில் தொடங்குகிறது. எச்சிலுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் தன்மை உண்டு, அதைத் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. கிலோவுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் என்ற கணக்கில் இவருக்கு ஒரு வேளைக்கு 1000 முதல் 1500 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு அல்லது மூன்று. பல் எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு முதல் வேளை, பிறகு நாளுக்கு மூன்று வேளையாக ஒரு வாரம். சிறுநீரில் ரத்தம் போகிறவருக்கு இதைத் தரக்கூடாது, ஏனென்றால் சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். கடிதத்திலேயே இதையும் கேட்டுவிடுங்கள்.

ஃபேக்டர் ஏறி முடிந்ததும் மரக்க வைக்கும் வேலை. 4 சதவீத ஆர்டிகெயின், ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் கலந்தது, ஒரு கார்ட்ரிட்ஜ் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்துப் பக்கம், அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே, எலும்பை ஒட்டி மெதுவாகச் செலுத்துங்கள். இங்கே கசிந்தால் எலும்பின் மேல் விரலால் அழுத்தி நிறுத்த முடியும், அதனால்தான் இந்த இடம். நாம் தினமும் பயன்படுத்தும் 2 சதவீத லிக்னோகெயினைக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இப்படிப் போட்டால் பெரும்பாலும் போதாது. அங்கே வெளி எலும்பு தடிமன், மருந்து வேர்வரை ஊடுருவாது. ஆர்டிகெயின் எலும்பைக் கடப்பதில் அதைவிட மேல். அதற்கும் அவகாசம் வேண்டும். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அவசரப்பட்டு மூன்றாவது நிமிடத்தில் பல்லை அசைத்துப் பார்த்து, ‘வேலை செய்யவில்லை, பிளாக் போடுகிறேன்’ என்று முடிவெடுப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம்.

பத்து நிமிடத்துக்குப் பிறகு பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள தசைநாரில் ஊசி. மிக மெல்லிய 30 கேஜ் குட்டை ஊசியை ஈறு விளிம்பில், முன் வேரின் ஓரத்தில், வேரை ஒட்டி உள்ளே நுழைத்து, 0.2 மில்லியை இருபது விநாடிக்குக் குறையாமல் செலுத்துங்கள். பிறகு பின் வேருக்கும் அதேபோல். சரியான இடத்தில் இருந்தால் பிஸ்டன் உங்கள் கட்டைவிரலை எதிர்த்துத் தள்ளும், சுற்றியுள்ள ஈறு வெளுக்கும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் மருந்து வாய்க்குள் ஒழுகுகிறது என்று அர்த்தம். இதை முப்பது மில்லி குப்பியிலிருந்து எடுத்த 2 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சில் செய்ய முடியாது. அந்த அழுத்தத்துக்கு ஊசி கழன்று தெறிக்கும். கார்ட்ரிட்ஜ் சிரிஞ்ச் அவசியம். இன்னொரு வரம்பும் உண்டு. ஈறு நோயால் எலும்பு கரைந்து ஆடும் பல்லுக்கு இந்த முறை பயன்படாது, மருந்து நிற்க இடமே இருக்காது. நல்லவேளையாக அப்படிப்பட்ட பல்லுக்கு முதல் ஊசியே போதுமானதாக இருக்கும்.

நாக்குப் பக்கத்து ஈறு பாக்கி. பழக்க தோஷத்தில் நாக்குப் பக்கம் தளர்ந்த சதையில் ஒரு குத்து வைத்துவிடாதீர்கள். அங்கே கசிந்தால் ரத்தம் வாயின் அடித்தளத்தில் பரவி நாக்கையே மேலே தூக்கும். கன்னத்துப் பக்கமிருந்து, இரண்டு பற்களுக்கு நடுவேயுள்ள முக்கோண ஈறு வழியாக ஊசியை எலும்பை ஒட்டிக் கிடையாகச் செலுத்தி, மறுபக்கத்து ஈறு வெளுக்கும் வரை சில துளிகள் விடுங்கள். அந்த ஈறு எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் ரத்தம் பரவ இடமில்லை. மேல்தாடையிலும் இதே நியாயம்தான். கன்னத்துப் பக்க ஊசி தாராளமாகப் போடலாம், ஆனால் மேல் கடைவாய்க்குப் பின்னால் ஆழமாகப் போடும் பிளாக்கைத் தவிருங்கள், அது அந்தச் சிரைக்கூட்டத்தின் மடியிலேயே போய் விழுகிறது.

பல் எடுக்கும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். உடைந்த கடைவாய்ப் பல்லை முழுசாகப் பெயர்க்கப் போராடுவதைவிட, கைப்பிடிக் கருவியால் பிளந்து ஒவ்வொரு வேராக எடுப்பது நல்லது. ஈறைத் திறக்க வேண்டி வந்தால் கன்னத்துப் பக்கம் மட்டும் திறவுங்கள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதன் முனை நாக்குக்குக் கீழே சதையைக் கவ்விக்கொண்டால் அங்கேயே ஒரு ரத்தக் கொப்புளம் கிளம்பும். முனைக்குக் கீழே ஒரு துண்டு பஞ்சுத்துணி வைத்துவிட்டால் போதும். எக்ஸ்ரே பிலிமின் ஓரமும் அதே இடத்தில் குத்தும்.

குழியைச் சுத்தம் செய்து, சீழ்த்திசு மிச்சமில்லாமல் வழித்துவிட்டு, ஆக்ஸிடைஸ்டு செல்லுலோஸ் அல்லது ஜெலட்டின் பஞ்சை உள்ளே வையுங்கள். மேலே கரையும் நூலால் எட்டு வடிவத்தில் தையல். கரையும் நூல் எதற்கு என்றால், ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்கும்போது மறுபடி ரத்தம் வரவழைக்காமல் இருப்பதற்கு. பிறகு டிரானெக்ஸாமிக் ஊசி மருந்தில் நனைத்த பஞ்சுத்துணியை அரை மணி நேரம் கடிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலும் ஒரு மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வையுங்கள். வறண்ட குழியைப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

வலி மாத்திரை பாராசிட்டமால். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம், அவை தட்டணுக்களின் வேலையையும் கெடுத்துவிடும். நம் ஊரில் ‘வலிக்கு ஒரு ஊசி போட்டுவிடுங்கள்’ என்று கேட்டு இடுப்பில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. இவருக்குத் தசையில் போடும் எந்த ஊசியும் கூடாது, ஆன்டிபயாடிக் உட்பட. ஒரு ஊசியில் தொடை முழுக்க ரத்தம் கட்டி மாதக்கணக்கில் நொண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் மரக்கவில்லை என்றால்? சீழ் கட்டி வீங்கிய பல்லில் அப்படி நேரும், மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. வீக்கம் மட்டும்தான் காரணமென்றால் ஆன்டிபயாடிக் கொடுத்து, சில நாள் தள்ளிப்போட்டு மறுபடி முயலலாம். போட்ட ஃபேக்டர் வீணாகிறதே என்ற எண்ணம் வரும், அதற்காக மனதை மாற்றிக்கொள்ளாதீர்கள். பிளாக் தவிர வேறு வழியே இல்லை என்றால், அது உங்கள் கிளினிக்கில் நடக்க வேண்டிய வேலையில்லை. ஃபேக்டர் அளவைப் பரிசோதித்துக் கையில் எண்ணாகப் பார்த்து, 50 சதவீதம் எட்டிவிட்டது என்று தெரிந்த பிறகு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடத் தெரிந்த மயக்க மருத்துவர் இருக்கும் இடத்தில், ஒரே குத்தில் முடிக்க வேண்டும். எலும்பைத் தேடி முன்னும் பின்னும் நகர்த்துவது கூடாது. ஒரே நாளில் இரண்டு பக்கமும் கொடுப்பதும் கூடாது.

உள்ளே கசிவது எப்படித் தெரியும்? வெளியே ரத்தம் தெரியாது, முகமும் உடனே வீங்காது. முதலில் வருவது விழுங்கும்போது தொண்டையின் ஒரு பக்கம் வலி. அடுத்து வாய் திறப்பு குறையும். வீட்டுக்கு அனுப்பும் முன் அவருடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரியிலும் அதே மூன்று விரல் போக வேண்டும். தசை இறுக்கத்தால் வரும் சாதாரணச் சிரமம் மறுநாளோ அதற்கு மறுநாளோ மெல்ல வரும், ஆனால் ரத்தக்கட்டால் வருவது சில மணி நேரத்திலேயே மூன்று விரல் இரண்டாகி, இரண்டு ஒன்றாகிவிடும். பிறகு குரல் மாறும், வாயில் ஏதோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கேட்கும். எச்சிலை விழுங்காமல் வழியவிடுவார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்காருவார். இந்தக் கட்டம் வரை காத்திருக்கவே கூடாது. விழுங்க வலிக்கிறது என்று சொன்ன போதே ஃபேக்டர் ஏற வேண்டும். இம்முறை இலக்கு 80 முதல் 100 சதவீதம், அதாவது இவருக்கு 3000 யூனிட் வரை. முதலில் ஃபேக்டர், ஸ்கேன் எல்லாம் பிறகு, அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில். வீக்கத்தைச் சீழ்க்கட்டி என்று நினைத்து யாராவது கீறிவிடப் போகிறார்கள், அதனால் அவர் கையில் ‘ஹீமோபிலியா ஏ, இன்று இந்த நேரத்தில் இந்த ஊசி போடப்பட்டது’ என்று எழுதிய சீட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

பல்குழியின் கசிவுக்கு வேறு நாள்கணக்கு. முதல் நாள் ஃபேக்டரின் பலத்தில் நன்றாக இருக்கும். மூன்றிலிருந்து ஐந்தாவது நாளுக்குள், கட்டி கரையத் தொடங்கும்போதுதான் மறுகசிவு வரும். ‘இரண்டு நாள் ஒன்றுமில்லை, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒரு வாரம் என்றால் ஒரு வாரம் என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். மாத்திரையோடு வாயில் வைத்திருக்கவும் இதே மருந்து உதவும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலந்தால் 5 சதவீதக் கரைசல். அதை இரண்டு நிமிடம் அந்தப் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்துவிட்டு, கொப்பளிக்காமல், வாயைத் திறந்து தானாக விழவிட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை.

துப்பிக்கொண்டே இருப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. எச்சிலில் ஒரு துளி ரத்தம் கலந்தாலும் வாய் நிறைய ரத்தமாகத் தெரியும், பயந்துபோய்த் துப்புவார்கள், துப்பும் இழுப்பில் கட்டி பெயரும். இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா போடாமல். ஆறின இட்லி, மசித்த தயிர்சாதம் போதும். சுடச்சுட ரசமும் முறுக்கும் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

நான்காம் நாள் வந்து வாயைத் திறக்கும்போது பல்குழியிலிருந்து கருஞ்சிவப்பாக, ஈரல் துண்டுபோல் ஒரு கட்டி தொங்குவதைப் பார்த்தால் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அது உறுதியில்லாத கட்டி, அதன் அடியில் கசிவு நடந்துகொண்டே இருக்கிறது. ரத்தவியல் மருத்துவரிடம் பேசி இன்னொரு டோஸ் ஃபேக்டர் ஏற்றியபின் அதை அகற்றி, குழியைக் கழுவி, புதிதாகப் பஞ்சு வைத்துத் தைத்து, கடிக்க வைக்க வேண்டும்.

உங்கள் நோயாளி தெளிவான கேஸ், அட்டையோடு வருகிறார். தடுமாற வைப்பவர்கள் மற்றவர்கள். லேசான ஹீமோபிலியா உள்ளவருக்கு ஃபேக்டர் அளவு 5 முதல் 40 சதவீதம் வரை இருக்கலாம், வாழ்நாளில் முதல் ரத்தப்போக்கே பல் எடுக்கும்போதுதான் வரும். ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி பரிசோதனை சிலருக்கு நார்மலாகவே காட்டிவிடும். அங்கே கேள்விதான் பரிசோதனை. பால்பல் விழுந்தபோது எத்தனை நாள் கசிந்தது, காதுகுத்தின்போது என்ன ஆனது, தடுப்பூசி போட்ட இடம் வீங்கிக் கறுத்ததா என்று கேளுங்கள். தாய்மாமனைப் பற்றியும் கேளுங்கள். நோய் தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருவதால், மாமாவின் வீங்கிய முட்டி மருமகனின் நோயைச் சொல்லிவிடும். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் மூன்றில் ஒரு பங்கு உண்டு. லேசான ஹீமோபிலியா ஏ என்று உறுதியானால் ஃபேக்டருக்குப் பதில் டெஸ்மோபிரெசின் சிலருக்குப் போதும், அதற்கு முன்கூட்டியே ஒருமுறை கொடுத்து அளவு ஏறுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஹீமோபிலியா பி-க்கு அது பயன்படாது, அதற்கு 9-ஆவது காரணியும் வேறு கணக்கும் வேண்டும்.

8-ஆவது காரணியின் வேலையை அதற்குப் பதிலாகச் செய்யும் எமிசிசுமாப் மருந்தைப் போட்டுக்கொள்பவர் வந்தால் இன்னும் கவனம். அந்த மருந்து ஏபிடிடி-யை நார்மலாகக் காட்டிவிடும், சில சமயம் அதற்கும் கீழாகவே காட்டும். தாளைப் பார்த்து ஹீமோபிலியா குணமாகிவிட்டது என்று எண்ணி பிளாக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பு மருந்து, எந்த அளவு என்பதை ரத்தவியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்ஹிபிட்டருக்குத் தரும் மாற்று மருந்துகளில் ஒன்று இதோடு சேர்ந்தால் ரத்தம் உறைந்து குழாய்களை அடைக்கும் ஆபத்து இருக்கிறது.

கிளினிக்கில் செய்யலாமா என்றீர்கள். இன்ஹிபிட்டர் இல்லை, ஃபேக்டர் அங்கேயே சிரையில் ஏற்ற ஆள் உண்டு, ஆர்டிகெயினும் கார்ட்ரிட்ஜ் சிரிஞ்சும் இருக்கிறது, இரண்டாவது டோஸ் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் தயாராக இருக்கிறது, பெரிய மருத்துவமனை ஒரு மணி நேர தூரத்துக்குள் இருக்கிறது என்றால் இந்த ஒரு பல்லை நீங்கள் எடுக்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள், வேண்டுமானால் கூடவே போய் அங்கே வைத்து எடுங்கள். அவர்களும் சந்தோஷப்படுவார்கள், அந்தத் துறையில் பல் மருத்துவர் கிடைப்பது அரிது.

அவருடைய மற்ற கடைவாய்ப் பற்களையும் இந்த வருகையிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சிறு சொத்தை இருந்தால் கன்னத்துப் பக்க ஊசியோடு அடைத்துவிடலாம், அதற்குப் பொதுவாக ஃபேக்டர் தேவைப்படாது. கடிதம் எழுதும்போது அந்தப் பற்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.